ரெசனன்ஸ் அகலமாகிறது, பரப்பளவு மாறவில்லை. அப்புறம் உறிஞ்சுதல் எப்படிக் கூடுகிறது?

கிண்டி_அகிலா

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அணு உலை இயற்பியல் விருப்பப் பாடம். வகுப்பில் டாப்ளர் விரிவு நடந்தது. எரிபொருள் சூடானால் யுரேனியம்-238 அணுக்கள் அதிகமாக அதிரும், அதனால் குறிப்பிட்ட ஆற்றலில் நியூட்ரானை விழுங்கும் ரெசனன்ஸ் சிகரம் தாழ்ந்து பக்கவாட்டில் அகலும், அதனால் அதிக நியூட்ரான்கள் மாட்டிக்கொள்ளும், அதனால் உலை தானாக அடங்கும் என்றார்கள்.

முதல் இரண்டும் புரிகிறது. மூன்றாவதில்தான் நிற்கிறேன். சிகரம் தாழ்ந்து அகலும்போது வளைவின் கீழே உள்ள பரப்பளவு அப்படியே இருக்கிறது என்று அதே வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பரப்பளவு மாறவில்லை என்றால் மொத்த உறிஞ்சுதலும் மாறக்கூடாது அல்லவா? நடுவில் இழந்ததை ஓரத்தில் பெறுகிறோம், அவ்வளவுதானே? கேட்டதற்கு "சுயமறைப்பு" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

அம்பத்தூர்_செந்தில்

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சூடானால் எந்தப் பொருளும் விரியும். எரிபொருள் பெல்லட் விரிந்தால் அடர்த்தி குறையும், நியூட்ரான் அணுவைச் சந்திக்கும் வாய்ப்பு குறையும், பிளவு குறையும். உலை அடங்குவதற்கு அதுதான் காரணம். நான் முப்பது வருடமாக உலோக வார்ப்பு வேலையில் இருக்கிறேன், வெப்ப விரிவு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ராயபுரம்_ரேடார்

தலைப்பில் டாப்ளர் என்று பார்த்து உள்ளே வந்தேன். துறைமுகம் பக்கம் இருக்கும் வானிலை ரேடார் மழைத்துளி நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று அலைவெண் மாற்றத்தை வைத்துச் சொல்கிறது. யுரேனியம் எங்கே ஓடுகிறது? அது பெல்லட்டுக்குள் திடப்பொருளாகத்தானே உட்கார்ந்திருக்கிறது?

பழைய_கல்பாக்கம்

அகிலா, நல்ல கேள்வி. இந்த இடத்தைத் தாண்டாமல் டாப்ளரைப் புரிந்துகொள்ள முடியாது. நான் உலை இயற்பியல் கணக்குகளிலேயே வேலைக்காலம் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது அடையாறில் இருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ரேடார் நண்பருக்கு. யுரேனியம் அணு இடம்விட்டு ஓடவில்லை, இருந்த இடத்திலேயே அதிர்கிறது. அறை வெப்பத்தில் ஒரு திசையில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 100 மீட்டர். 1200 கெல்வினில் அது இரட்டிப்பாகும். வந்து மோதும் நியூட்ரான் 6.67 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இருந்தால் அதன் வேகம் நொடிக்கு 36 கிலோமீட்டர். இதன் பக்கத்தில் 100 மீட்டர் அற்பம்தான். ஆனால் அந்த ஆற்றலில் யுரேனியம்-238க்கு இருக்கும் ரெசனன்ஸ் மிக மிக ஒல்லியானது, அகலம் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். அணு எதிரே வருகிறதா விலகுகிறதா என்பதால் ஏற்படும் ஆற்றல் வித்தியாசம் அறை வெப்பத்திலேயே அந்த அகலத்தைவிடப் பெரியது. அதனால் அதிர்வு மட்டுமே போதும், சிகரத்தின் வடிவம் மாறிவிடும்.

இப்போது அகிலாவின் கேள்விக்கு வருகிறேன். "பரப்பளவு மாறாது, ஆகவே உறிஞ்சுதலும் மாறாது" என்பது ஒரு நிபந்தனையில் முழு உண்மை. எல்லா ஆற்றலிலும் சம எண்ணிக்கையில் நியூட்ரான்கள் எரிபொருளின் ஒவ்வொரு அணுவுக்கும் கிடைக்க வேண்டும். 1 மைக்ரான் தடிமனில் ஒரு யுரேனியத் தகடு இருந்தால் அந்த நிபந்தனை பொருந்தும். அதைச் சூடாக்கினாலும் மொத்த உறிஞ்சுதல் ஏறக்குறைய மாறவே மாறாது. உங்கள் சந்தேகம் அந்தத் தகட்டுக்குச் சரி.

உலையில் இருப்பது தகடு இல்லை, 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள யுரேனியம் டைஆக்சைடு பெல்லட். அதில் எண்களைப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பத்தில் 6.67 சிகரத்தின் உச்சியில், அணு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பைக் காட்டும் குறுக்குப் பரப்பு பார்ன் என்ற அலகில் சுமார் 7400. ஒரு நியூட்ரான் பெல்லட்டுக்குள் சராசரியாக 0.06 மில்லிமீட்டர்தான் போகும், அதற்குள் விழுங்கப்படும். 1200 கெல்வினில் உச்சி சுமார் 4200 பார்னாக இறங்குகிறது. போகும் தூரம் 0.1 மில்லிமீட்டர் ஆகிறது. கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தும் என்ன ஆயிற்று? அந்த ஆற்றலில் நுழைந்த நியூட்ரான் அப்போதும் பெல்லட்டின் தோலிலேயே சாகிறது. உச்சியில் நாம் எதையும் இழக்கவில்லை.

இப்போது உச்சியிலிருந்து 0.2 எலக்ட்ரான் வோல்ட் தள்ளி வாருங்கள். அறை வெப்பத்தில் அங்கே சுமார் 100 பார்ன், 1200 கெல்வினில் சுமார் 250. பெல்லட்டுக்குள் 4 மில்லிமீட்டர் கடக்கும் நியூட்ரான்களில் முன்பு நூற்றுக்கு நாற்பது தப்பிப் போயின. இப்போது பத்துதான் தப்பும்.

ஆக, உச்சியில் நஷ்டம் இல்லை, ஓரத்தில் முழு லாபம். சுயமறைப்பு என்றால் இதுதான். உச்சியில் உறிஞ்சும் திறன் தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது. பெல்லட்டின் தோல் அணுக்கள் உள் அணுக்களுக்கு அந்த ஆற்றலில் எதையும் விட்டுவைக்கவில்லை. சூடு அந்த உபரியை எடுத்து, திறன் போதாமல் இருந்த ஆற்றல்களுக்குப் பங்கிடுகிறது.

கிண்டி_அகிலா

சார், அப்படியென்றால் பரப்பளவு மாறாதது தப்பும் இல்லை, மொத்த உறிஞ்சுதல் கூடுவதும் தப்பு இல்லை. அணுவின் வளைவைத் தனியாகப் பார்ப்பதற்கும், அந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரான் அணுவரை வந்து சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம். சரியா?

இன்னொன்று. யுரேனியம்-235க்கும் ரெசனன்ஸ் உண்டே? சூடானால் அதன் பிளவும் கூடி, ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடாதா?

பழைய_கல்பாக்கம்

முதலாவது சரி.

இரண்டாவதற்கு: மென்நீர் உலை எரிபொருளில் 235 நூற்றுக்கு மூன்று முதல் ஐந்துதான், மீதி 238. அளவு குறைவாக இருப்பதால் 235க்கு அந்தத் தகட்டின் கதைதான், சுயமறைப்பு மிகக் குறைவு. மறைப்பு இல்லாத இடத்தில் டாப்ளருக்குப் பங்கிட ஒன்றும் கிடையாது. அதனால் 238தான் ஆளுகிறது. எரிபொருளில் புளூட்டோனியம் அதிகமானால் பேச்சு வேறு.

பழைய_கல்பாக்கம்

செந்தில் அவர்களுக்குத் தனியாக. வெப்ப விரிவு உண்மையான விளைவுதான், நியூட்ரான்களை மெதுவாக்காமல் ஓடும், உலோக எரிபொருள் கொண்ட வேக உலைகளில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நீர் உலையில் பெல்லட் குழாய்க்குள் சற்று நீண்டால், கிடக்கும் யுரேனியத்தின் எடை மாறுவதில்லை, சுற்றியுள்ள தண்ணீரும் அப்படியே இருக்கிறது. அதனால் வரும் மாற்றம் டாப்ளரின் பக்கத்தில் சிறியது.

ஓஎம்ஆர்_வாசி

நான் கேளம்பாக்கத்தில் இருக்கிறேன், கல்பாக்கம் பக்கம்தான். 2004 சுனாமி அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்டது உலைக்கு என்ன ஆயிற்று என்றுதான். இந்த டாப்ளர் இருந்தால் ஃபுகுஷிமா மாதிரி இங்கே நடக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா? நேரடியாகச் சொல்லுங்கள்.

பழைய_கல்பாக்கம்

நேரடியாகச் சொல்கிறேன்: எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு விஷயம். 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகளில் தொடர்வினை நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் எரிபொருளை உருக்கியது பிளவுப் பொருட்களின் சிதைவு வெப்பம். டாப்ளருக்கு அதன் மேல் எந்தப் பிடியும் இல்லை, அங்கே தேவை தண்ணீரும் அதை ஓட்ட மின்சாரமும். சுனாமி அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த அலகைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அதிலும் டாப்ளருக்கு வேலை இல்லை.

டாப்ளர் காப்பது திறன் திடீரென்று பாயும் விபத்தில். அதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அகிலாவும் கூடவே போட்டுப் பாருங்கள்.

அழுத்த நீர் உலை, திறன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், சூடான நிலை. கட்டுப்பாட்டுத் தண்டின் மேலுறை உடைந்து, உள்ளே இருக்கும் அழுத்தம் தண்டை வெளியே எறிகிறது. பத்தில் ஒரு நொடியில் 1.2 டாலர் ரியாக்டிவிட்டி, அதாவது தொடர்வினையைப் பெருக்கும் உபரி, நுழைகிறது என்று வைப்போம். பிளவுக்குச் சற்றுப் பிந்தி வரும் தாமத நியூட்ரான்களின் பங்கு 0.0065, ரியாக்டிவிட்டி அந்த அளவுக்கு இருந்தால் அது ஒரு டாலர், லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் ஒரு பிசிஎம். நுழைந்த 780 பிசிஎம்மில் ஒரு டாலரைத் தாண்டிய 0.2 டாலர், அதாவது 130 பிசிஎம், உடனடி நியூட்ரான்களை மட்டும் வைத்தே பெருகும். நியூட்ரான் தலைமுறைக் காலம் 20 மைக்ரோநொடி என்றால் திறன் ஒவ்வொரு 15 மில்லிநொடிக்கும் 2.7 மடங்காகிறது.

நிறுத்தத் தண்டுகள் முழுதாக விழ ஏறக்குறைய 2 நொடி வேண்டும். பெல்லட்டின் சூடு உறையைத் தாண்டித் தண்ணீருக்குப் போகச் சில நொடி வேண்டும். அதனால் தண்ணீர் சூடாகி அடர்த்தி குறைந்து உதவும் என்று காத்திருக்கவும் முடியாது. இந்தக் கால அளவில் அங்கே இருப்பது ஒன்றே ஒன்று: பிளவின் ஆற்றல் விழும் இடமும் 238 இருக்கும் இடமும் ஒரே பெல்லட். நடுவில் கடத்தல் வேண்டாம், கருவி வேண்டாம், கட்டளை வேண்டாம்.

டாப்ளர் குணகம் கெல்வினுக்கு மைனஸ் 2.5 பிசிஎம் என்று எடுப்போம்.

```
130 / 2.5   = 52 K
2 x 52      = 104 K
104 x 2.5   = 260 pcm
780 - 260   = 520 pcm
```

எரிபொருளின் சராசரி வெப்பம் 52 கெல்வின் ஏறியதும் அந்த உபரி 130 பிசிஎம் தீர்ந்துவிடும், திறன் உச்சம் தொட்டுத் திரும்பும். ஆனால் திரும்பி இறங்கும்போதும் ஆற்றல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஏறிய பக்கமும் இறங்கும் பக்கமும் சமச்சீர் என்பதால் மொத்தம் 104 கெல்வின். பெல்லட்டுக்குக் கிராமுக்கு ஏறக்குறைய 30 ஜூல். இது சராசரி. எறியப்பட்ட தண்டுக்குப் பக்கத்துக் கட்டுகளில் பல மடங்கு அதிகமாக விழும், உறை தாங்குமா என்று பார்ப்பது அங்கேதான்.

ராயபுரம்_ரேடார்

கடைசி வரி என்ன சொல்கிறது? 520 மிச்சம் இருக்கிறது என்றால் உலை நிற்கவில்லையா?

பழைய_கல்பாக்கம்

நிற்கவில்லை. நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிற இடம் இது. நுழைந்தது 780, டாப்ளர் தின்றது 260. மிச்சம் 0.8 டாலர் நேர்மறையாகவே நிற்கிறது. வெடிப்பு மாதிரி பாய்ந்த திறன் அடங்கிவிட்டது, ஆனால் தாமத நியூட்ரான்களால் உலை இன்னும் ஓடுகிறது, எரிபொருள் இன்னும் சூடாகிறது. நிறுத்தத் தண்டு விழுந்துதான் கதை முடியும். டாப்ளர் தருவது அந்த 2 நொடி அவகாசத்தை.

"டாப்ளர் இருப்பதால் உலை தானே அணைந்துவிடும்" என்று யாராவது பேசினால் இந்த 520ஐக் கேளுங்கள்.

சோடியம்_பிரியன்

வேக உலைப் பக்கம் இருந்து இரண்டு விஷயம். நான் வெப்ப நீரியல் ஆள், இயற்பியல் ஆள் இல்லை, ஆனால் இந்தக் குணகங்கள் இல்லாமல் எங்கள் கணக்கு நகராது.

முதலாவது, டாப்ளர் எல்லா உலையிலும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. கல்பாக்கத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. 1985இல் தொடர்வினை தொடங்கிய சோதனை வேக உலையான எஃப்.பி.டி.ஆர். கலப்புக் கார்பைடு எரிபொருளில் ஓடுவது. அதில் 70 பங்கு புளூட்டோனியம் கார்பைடு, 30 பங்கு யுரேனியம் கார்பைடு. 238 குறைவு, நியூட்ரான்களும் வேகமாகவே இருக்கின்றன. அதனால் டாப்ளர் பெயருக்குத்தான், அங்கே கைகொடுப்பது எரிபொருளும் சோடியமும் விரிவது. செந்தில் சார் சொன்ன விரிவு அங்கே கதாநாயகன். 500 மெகாவாட் முன்மாதிரி வேக உலையான பி.எஃப்.பி.ஆர். ஆக்சைடு எரிபொருள், 238 தாராளம். அங்கே டாப்ளர் கணக்கில் எடுக்கத்தக்கது. ஆக்சைடு வேக உலையில் டாப்ளர் நிஜமாகவே பாய்ச்சலைத் திருப்புமா என்று பார்க்கவே அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தில் செஃபர் என்று ஓர் உலையைக் கட்டினார்கள். 1969 முதல் 1972 வரை ஓட்டினார்கள், வேண்டுமென்றே ஒரு டாலருக்கு மேல் ரியாக்டிவிட்டியை நுழைத்தார்கள், டாப்ளர் திருப்பியது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். டாப்ளர் இரு பக்கமும் வெட்டும். எரிபொருள் சூடாகும்போது எதிர்மறை என்றால், ஆறும்போது நேர்மறை. பம்ப் நின்று, தண்டும் விழாமல் போகும் விபத்தை எடுங்கள். சோடியம் சூடாகி உலை மையம் விரிகிறது, திறன் இறங்க வேண்டும். திறன் இறங்கினால் எரிபொருள் ஆறும், ஆறினால் டாப்ளர் ரியாக்டிவிட்டியைத் திருப்பிக் கொடுக்கும், திறனை இறங்க விடாது. ஆக்சைடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, ஓடும்போது அதன் நடுப்பகுதி மிகவும் சூடு, அதனால் திருப்பிக் கொடுக்க நிறைய வைத்திருக்கும். உலோக எரிபொருள் நன்றாகக் கடத்தும், சூடு குறைவு, திருப்பிக் கொடுக்க அதிகம் இல்லை. 1986 ஏப்ரலில் அமெரிக்காவின் இ.பி.ஆர்.-2 சோதனை வேக உலையில் முழுத் திறனில் பம்புகளை நிறுத்தி, தண்டு விழாமலே உலை அடங்கியதைக் காட்டினார்கள். அது உலோக எரிபொருள். அங்கே டாப்ளர் சிறியதாக இருந்ததுதான் உதவியது.

கிண்டி_அகிலா

இது எனக்குப் புதிது. அப்படியானால் "டாப்ளர் குணகம் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு நல்லது" என்று எழுதினால் தப்பு. எந்த விபத்து என்று முதலில் சொல்ல வேண்டும்.

பழைய_கல்பாக்கம்

ஆமாம். சோடியம் நண்பர் சொன்னது அழுத்த நீர் உலைக்கும் பொருந்தும். நீராவிக் குழாய் உடைந்து உலை வேகமாகக் குளிர்ந்தால் டாப்ளரும் சேர்ந்து ரியாக்டிவிட்டியை ஏற்றும். நிறுத்தத் தண்டுகளுக்கு எவ்வளவு வலு வேண்டும் என்று போடும் கணக்கில் அதைச் சேர்த்தே போடுவோம்.

அம்பத்தூர்_செந்தில்

சரி, விரிவுக்கு அதன் இடத்தில் மரியாதை கிடைத்தது, சந்தோஷம். ஒரு சந்தேகம். கல்பாக்கத்தில் வருடக்கணக்காக மின்சாரம் தருவது கனநீர் உலைகள்தானே? அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. இயற்கை யுரேனியம் என்றால் 238 இன்னும் அதிகம், டாப்ளர் இன்னும் பலமாக இருக்க வேண்டுமே?

பழைய_கல்பாக்கம்

அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. கனநீர் உலையில் எரிபொருள் கட்டுகளுக்கு நடுவே நியூட்ரான்களை மெதுவாக்கும் மாடரேட்டர் ஏராளம். நியூட்ரான்கள் பெரும்பாலும் கனநீரிலேயே 6.67ஐயும் மற்ற ரெசனன்ஸ்களையும் கடந்து இறங்கிவிடுகின்றன, பெல்லட்டை அந்த ஆற்றலில் சந்திப்பது குறைவு. அதனால் புது எரிபொருளிலேயே குணகம் அழுத்த நீர் உலையைவிடச் சிறியது. எரிய எரிய புளூட்டோனியம்-239 சேர்கிறது. அதற்கு 0.3 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு பிளவு ரெசனன்ஸ் உண்டு. எரிபொருள் சூடானால் மெதுவான நியூட்ரான்களின் ஆற்றல் சற்று மேலே நகர்ந்து அந்த ரெசனன்ஸை நெருங்குகிறது, பிளவு கூடுகிறது. 238 இழுப்பதை 239 ஓரளவு திருப்பித் தருகிறது. வழக்கமாக ஓடும் உலையில் மொத்தக் குணகம் எதிர்மறையாக இருந்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கூலன்ட் ஆவியானால் ரியாக்டிவிட்டி கூடும் என்பதும் சேர்ந்திருப்பதால், அங்கே பாதுகாப்பு வேகமான நிறுத்த அமைப்புகளை நம்பியிருக்கிறது. டாப்ளரைக் காட்டி அந்தத் தேவையைக் குறைக்க முடியாது.

சோடியம்_பிரியன்

இங்கே நான் ஒத்துப்போகவில்லை சார். பூஜ்யத்துக்குப் பக்கம் என்பது சராசரி எரிப்பில், ஓடும் வெப்பநிலையில். பாய்ச்சல் விபத்தில் பெல்லட் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏறும்போது 238இன் விரிவு தொடர்ந்து கூடும், 239இன் பங்கு அதே வேகத்தில் கூடாது. கொஞ்சமாவது மதிப்புக் கொடுக்கலாம்.

பழைய_கல்பாக்கம்

கொடுக்கலாம், ஆனால் எவ்வளவு என்பதில்தான் சண்டை. 238இன் விளைவும் வெப்பநிலையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளர்கிறது. 900இலிருந்து 1000க்குப் போவதில் கிடைப்பதைவிட 1900இலிருந்து 2000க்குப் போவதில் கிடைப்பது குறைவு. அதுபோக எந்த வெப்பநிலையைப் போடுவது என்பதே கேள்வி. ஓடும் பெல்லட்டின் நடுவில் ஆயிரத்துக்கு மேல், விளிம்பில் அதில் பாதி. உறிஞ்சுதலில் பெரும் பங்கு விளிம்பில் நடப்பதால் விளிம்பின் வெப்பநிலைக்குக் கூடுதல் எடை தர வேண்டும், வெறும் சராசரியைப் போட்டால் டாப்ளரை அதிகமாகக் காட்டிவிடும். பாய்ச்சலிலோ நிலை தலைகீழ். எரிந்த பெல்லட்டின் விளிம்பில் புளூட்டோனியம் குவிந்திருப்பதால் ஆற்றலும் முதலில் விளிம்பில்தான் விழுகிறது, விளிம்பு நடுவைவிட வேகமாக ஏறுகிறது. அப்போது அதே எடைகள் பொருந்துமா? கணக்கு செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கையாள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கிண்டி_அகிலா

சார், திட்டப் பணிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பெல்லட், ஒரே ஒரு 6.67 ரெசனன்ஸ், விளிம்பை மட்டும் சூடாக்கி ஒரு தடவை, நடுவை மட்டும் சூடாக்கி ஒரு தடவை என்று மான்டி கார்லோ முறையில் ஓட்டிப் பார்த்தால் அந்த எடைகள் வெளியே வருமா?

பழைய_கல்பாக்கம்

வரும். ஆனால் 6.67ஓடு நிறுத்தாதீர்கள். 20.9, 36.7 இரண்டையும் சேருங்கள், ஒவ்வொன்றிலும் தோலின் ஆழம் வேறு, எடையும் வேறாக வரும். பெல்லட்டைக் குறைந்தது பத்து வளையங்களாகப் பிரியுங்கள், வெளி வளையங்கள் மெல்லியதாக இருக்கட்டும், 0.1 மில்லிமீட்டர் போதும். முதலில் எல்லா வளையமும் ஒரே வெப்பநிலையில் ஓட்டி, மொத்த உறிஞ்சுதல் வர்க்கமூலக் கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் மேலே போகாதீர்கள், வளையமோ தரவோ எங்கோ இடிக்கிறது. அது சரியாக வந்த பிறகு எண்களை இங்கே போடுங்கள், சோடியம் நண்பரோடு மிச்சச் சண்டையை அதை வைத்துப் போடுகிறேன்.